மூன்று மாதத்துக்குள் காய்ச்சல்: “நல்லாத்தான் இருக்கான்” என்பது ஏன் போதாது

ஐந்து வயதுப் பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் தொண்டையைப் பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பார், பாரசிட்டமால் எழுதிக்கொடுத்து மூன்று நாள் கழித்து வரச் சொல்வார். அதே வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கு 100.4 என்று தூக்கிக்கொண்டு ஓடினால் கதையே வேறு. உடனே அட்மிஷன். கையில் ஊசி போட்டு ரத்தம், சிறு டியூப் விட்டு சிறுநீர், கடைசியில் முதுகில் ஊசி வைத்து நீர் எடுக்கச் சம்மதம் கேட்டு ஒரு தாள். இது பணம் பிடுங்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். தில்லியின் தனியார் மருத்துவமனை பில்லை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் இதே பரிசோதனைகளைத்தான் செய்வார்கள். காரணம் குழந்தையின் வயதில் இருக்கிறது.

பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் தெர்மாமீட்டரைவிடப் பிள்ளையைத்தான் பார்ப்பார். மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடுகிறதா, அம்மாவைத் தேடுகிறதா, பிஸ்கட்டைக் காட்டினால் கை நீட்டுகிறதா என்று பார்ப்பார். கடுமையான தொற்று உள்ள பிள்ளை இதையெல்லாம் செய்யாது. பச்சைக் குழந்தையிடம் இப்படிப் பார்க்க ஒன்றும் கிடையாது. முகம் பார்த்துச் சிரிக்கவே ஆறு வாரம் ஆகும். அதுவரை அது செய்வது பால் குடிப்பது, தூங்குவது, அழுவது, துணியை நனைப்பது மட்டும்தான். ரத்தத்தில் கிருமி பெருகத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் இந்த நான்கையும் அது வழக்கம்போலவே செய்துகொண்டிருக்கலாம். அனுபவமுள்ள குழந்தை மருத்துவர்கள் கண்ணால் பார்த்து “இது நலமாக இருக்கிறது” என்று முடிவு செய்த குழந்தைகளிலும் சிலருக்குப் பின்னால் கிருமித் தொற்று தெரியவந்திருக்கிறது. கண்ணை நம்ப முடியாத வயது இது. அதனால்தான் அந்த வேலையைப் பரிசோதனைகளிடம் ஒப்படைக்கிறார்கள்.

இன்னொரு காரணம் உடம்புக்குள் இருக்கிறது. அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு எதிர்ப்புப் புரதங்கள் வருகின்றன. அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பங்கு குறைவு. வருவதிலும் ஒரே ஒரு வகைதான் நஞ்சுக்கொடியைத் தாண்டும். குடலில் வாழும் ஈ.கோலி போன்ற கிருமிகளை எதிர்ப்பதில் முன்னிற்கும் வகை தாண்டுவதில்லை. கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களின் இருப்பும் பச்சைக் குழந்தைக்குக் கொஞ்சம்தான். ஒரு பெரிய தொற்று வந்தால் சீக்கிரமே தீர்ந்துபோகும். ஆகவே சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளை உறைக்கும் போவது இந்த வயதில் எளிது. பெரியவர்களுக்கு நாள் கணக்கில் நடக்கும் இந்தப் பயணம் இங்கே மணிக்கணக்கில் முடிந்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மிரள வேண்டாம். இந்த வயதிலும் பெரும்பாலான காய்ச்சல் வைரஸ் காய்ச்சல்தான். பார்க்க நலமாக இருக்கும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் காய்ச்சலோடு வந்தால், ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கும். ரத்தத்தில் கிருமி இருப்பது நூறில் ஓரிரு குழந்தைகளுக்கு. மூளைக்காய்ச்சல் நூறில் ஒன்றுக்கும் குறைவு. முதல் மாதத்தில் இவை கூடுதல், மூன்றாம் மாதத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். சிக்கல் என்னவென்றால் அந்தப் பத்தில் ஒன்று எது என்று தொட்டில் அருகில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

100.4 எங்கே பார்த்தது?

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், என்ற எல்லைக்கோடு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த அளவு. நம் வீடுகளில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அக்குளில்தான் வைக்கிறோம். அக்குள் அளவு உள்ளே இருக்கும் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்துக் காட்டாது. “ஒரு டிகிரி கூட்டிக்கொள்” என்ற வீட்டுக் கணக்கு அதனால்தான் கைகொடுப்பதில்லை. இந்திய அரசின் குழந்தை நல வழிகாட்டி இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 37.5 செல்சியஸ், அதாவது 99.5 பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தாலே கடும் தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறது. 35.5 செல்சியஸுக்குக் கீழே போனாலும் அதேதான். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடக் கூடாது. பச்சைக் குழந்தைக்குக் கடும் தொற்று வந்தால் உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகலாம்.

நெற்றியில் காட்டும் துப்பாக்கி மாதிரிக் கருவியையும் காதுத் தெர்மாமீட்டரையும் இந்த வயதில் நம்ப வேண்டாம். நுனி வளையும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனி அக்குளின் நடுவில் நேராகத் தோலைத் தொடும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் துணி மடிப்பு மாட்டிக்கொண்டால் அளவு தப்பும்.

தில்லிக் குளிரில் வேறொரு குழப்பமும் உண்டு. தெற்கேயிருந்து பேறுகாலத்துக்கு வரும் பாட்டிமார் ஜனவரியின் ஏழெட்டு டிகிரியைப் பார்த்து அரண்டுபோய்க் குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேலே ரஜாய், பக்கத்தில் ப்ளோயர் என்று எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். அந்தக் குழந்தையைத் தொட்டால் சுடத்தான் செய்யும். அப்போது ப்ளோயரை அணைத்து, ரஜாயை எடுத்துவிட்டு, ஓரிரு அடுக்கு துணியோடு விட்டு, இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கிவிட்டால் துணியின் சூடு. இறங்காவிட்டால் காய்ச்சல். ஆனால் அதிகம் போர்த்துவது தோலின் சூட்டைத்தான் பெரும்பாலும் ஏற்றும். ஆசனவாயில் பார்த்து 38-க்கு மேல் இருந்தால் அதைப் போர்வையின் கணக்கில் எழுதிவிட எந்த டாக்டரும் தயங்குவார். மே, ஜூன் மாதத்து வெயிலுக்கும் இதே விதிதான். கரண்ட் போய் அறை கொதித்திருந்தால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். காத்திருப்பது அந்த ஒரு முறைதான். குழந்தை சோர்ந்து கிடந்தால் அந்த ஒரு முறைகூட வேண்டாம்.

கிளம்பும் முன்

பாரசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். காய்ச்சல் இறங்கிவிட்டால் நீங்களே கிளம்ப மாட்டீர்கள். பாரசிட்டமாலுக்கு இறங்குவதால் அது வைரஸ் என்றும் அர்த்தம் ஆகாது, பாக்டீரியாக் காய்ச்சலும் இறங்கும். அதைவிட மோசம், மெடிக்கல் கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு. ஒரு வேளை உள்ளே போனால்கூட அப்புறம் எடுக்கும் ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமி வளராமல் போகலாம். நோய் இருக்கும், அடையாளம் மட்டும் அழிந்திருக்கும்.

கையோடு எடுத்துப்போக வேண்டியது பிரசவ டிஸ்சார்ஜ் தாள். குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிறந்ததா, பிரசவ சமயத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா, குழந்தை சிறப்புப் பிரிவில் வைக்கப்பட்டதா என்பதெல்லாம் சிகிச்சையை மாற்றக்கூடியவை. அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது வயது, அதுவும் நாள் கணக்கில். கூட்டம் நெரியும் தில்லி மருத்துவமனையில் “பச்சாவுக்கு புகார்”, அதாவது குழந்தைக்குக் காய்ச்சல், என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைப்பார்கள். “பச்சீஸ் தின் கா பச்சா ஹை, புகார் ஹை”, அதாவது இருபத்தைந்து நாள் குழந்தை, காய்ச்சல், என்று வயதோடு சொன்னால் உள்ளே கூப்பிடுவார்கள். இந்தி தெரியாத பாட்டி தனியாக இருக்கும் வீட்டில் இந்த ஒரு வரியைப் பழக்கிவைப்பது நல்லது. கன்னாட் பிளேஸ் பக்கத்திலுள்ள கலாவதி சரண் மருத்துவமனையும், கிழக்கே கீதா காலனியிலுள்ள சாச்சா நேரு பால் சிகித்சாலயாவும் குழந்தைகளுக்கென்றே இருக்கும் அரசு மருத்துவமனைகள். எது பக்கமோ அங்கே போகலாம். பக்கத்துத் தெரு கிளினிக் திறக்கக் காலை பத்து மணிவரை காத்திருப்பதுதான் தப்பு.

மயூர் விஹாரிலிருந்து ஒரு குழந்தை

விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை, 25 நாள், மயூர் விஹாரில் வீடு. திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வந்திருக்கிறார். ஜனவரி, இரவு இரண்டு மணி. பால் கொடுக்கும்போது கழுத்து சுடுகிறது என்று அம்மா பார்க்கிறாள். ப்ளோயரை அணைத்து, துணியைக் குறைத்து, இருபது நிமிடம் கழித்து அக்குளில் 100.2. எல்லைக்கோடு 99.5 என்பதால் கிளம்பிவிடுகிறார்கள். மூன்றரை மணிக்கு மருத்துவமனையில் ஆசனவாயில் பார்த்தால் 38.4 செல்சியஸ். மூச்சு நிமிடத்துக்கு 46, மார்பு உள்ளிழுக்கவில்லை, உச்சிக்குழி தட்டையாக இருக்கிறது, தொப்புள் காய்ந்திருக்கிறது, தோலில் கொப்புளம் இல்லை. சளி இல்லை, இருமல் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் எதுவும் வெளியே தெரியவில்லை.

முதலில் சிறுநீர். இந்த வயதில் மிக அதிகமாகக் கிடைக்கும் பாக்டீரியாத் தொற்று அங்கேதான், அதிலும் முன்தோல் நீக்காத ஆண் குழந்தைகளுக்கு இந்த மாதங்களில் பெண் குழந்தைகளைவிட அதிகம். கேள்வி எப்படி எடுப்பது என்பது. பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடிக்கும் முறை எளிது, ஆனால் தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் கலந்துவிடும். பையில் பிடித்த சிறுநீரில் ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பதில் ஓரளவு உபயோகம். ஏதோ இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆகவே மெல்லிய டியூபைச் சிறுநீர்த் துவாரம் வழியாக விட்டு நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார்கள். ஒரு நிமிட வேலை, குழந்தை கத்தும், அப்புறம் மறந்துவிடும். சில இடங்களில் பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை அக்குளில் தாங்கித் தூக்கிப் பிடித்து, அடிவயிற்றில் விரலால் தட்டி, இடுப்பின் பின்பக்கத்தைத் தேய்த்து, சிறுநீர் பீறிடும்போது சுத்தமான பாட்டிலில் பிடிப்பதும் உண்டு.

நம் குழந்தையின் சிறுநீரில் சீழ் அணுக்கள் மைக்ரோஸ்கோப்பில் 20 முதல் 25 வரை. வெள்ளை அணுக்களைக் காட்டும் பட்டை நிறம் மாறியிருக்கிறது. நைட்ரைட் பட்டை மாறவில்லை. “ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை, அப்போ பாதி நோயா?” என்று அப்பா கேட்கிறார். கிருமி நைட்ரைட்டை உருவாக்க வேண்டுமென்றால் சிறுநீர் சிறுநீர்ப்பையில் மூன்று நான்கு மணி நேரமாவது தங்க வேண்டும். கைக்குழந்தை மணிக்கொருதரம் போகும். அதனால் தொற்று இருந்தும் நைட்ரைட் இல்லை என்று வருவது இந்த வயதில் சாதாரணம்.

அடுத்தது ரத்தம். ஒரே குத்தில் எடுத்து இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு அணுக்களின் எண்ணிக்கைக்கும் சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் என்ற இரண்டு அளவுகளுக்கும். இன்னொரு பங்கு, குறைந்தது ஒரு மில்லி, கல்ச்சருக்கு. சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அது ஏறக் குறைந்தது எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். காய்ச்சல் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் வந்த குழந்தைக்கு அது சாதாரணமாக இருந்தால் அதில் நிம்மதி அடைய ஒன்றும் இல்லை. புரோகால்சிடோனின் கொஞ்சம் முந்தி ஏறும், அதனால்தான் வசதியுள்ள இடங்களில் அதையும் பார்க்கிறார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல், புரோகால்சிடோனின் 0.5-க்கு மேல் என்றால் எச்சரிக்கை. நம் குழந்தைக்கு சி.ஆர்.பி. 38, புரோகால்சிடோனின் 1.4. இரண்டுமே கூடுதல்.

கல்ச்சர்தான் மெதுவான பரிசோதனை. ரத்தத்தைச் சத்துள்ள திரவத்தில் விட்டு, உடல் சூட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். நோய் உண்டாக்கும் கிருமி இருந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்தில், மிஞ்சினால் 36 மணி நேரத்தில் காட்டிவிடும். “ரெண்டு நாள் அட்மிஷன்” என்று சொல்வதன் பொருள் இந்தக் காத்திருப்புதான்.

இந்த இடத்தில்தான் டாக்டர், மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க முதுகு நீர் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. “நல்லாத்தான பால் குடிக்கான், இதுக்குப் போயி முதுகுல ஊசியா? கால் கை விளங்காமப் போயிட்டா?” பணியிலிருந்த மலையாளி நர்ஸ் பாதித் தமிழில் சமாதானம் சொல்லிப் பார்க்கிறார். ஆச்சியின் பயம் இந்த ஊரில் மட்டும் இல்லை, நாடு முழுக்க உள்ளது. அதற்கு நேரான பதிலும் உண்டு.

பச்சைக் குழந்தையின் தண்டுவடம் இடுப்பின் மூன்றாவது எலும்புக்கு அருகே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் போகும். அங்கே தண்டுவடம் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கும், ஊசி வந்தால் அவை விலகிக்கொள்ளும். எடுப்பது இரண்டு மூன்று மில்லி. உடம்பு அதைச் சில மணி நேரத்தில் மறுபடி சுரந்துவிடும். உண்மையான தொந்தரவுகள் வேறு. குழந்தையை வளைத்துப் பிடிப்பதால் மூச்சு சிரமப்படலாம், அதனால் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறும் குழந்தைக்குச் செய்யாமல் தள்ளிப்போடுவார்கள். சில முறை ஊசி சிறு ரத்தக் குழாயைத் தொட்டு நீரில் ரத்தம் கலந்துவிடும், அப்போது முடிவைப் படிப்பது கடினமாகும்.

மறுத்தால் என்ன ஆகும்? ஆன்டிபயாடிக் எப்படியும் போடுவார்கள். ஆனால் எந்த அளவில், எத்தனை நாள் என்று தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். ஈ.கோலி போன்ற கிருமியால் வந்த மூளைக்காய்ச்சலுக்கு மூன்று வாரம் ஊசி வேண்டும், மருந்தின் அளவும் கூடுதல். நீர் எடுக்காமல் மருந்து தொடங்கிவிட்டால் இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் கிருமி வளராது. அப்போது, தேவையில்லாமல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருப்பதா, இல்லாவிட்டால் மூளைக்காய்ச்சலை அரைகுறையாகச் சிகிச்சை செய்து காது கேட்காமலோ வலிப்போடோ வீட்டுக்குக் கூட்டிப்போகும் அபாயத்தை ஏற்பதா என்ற கேள்வி வந்து நிற்கும். என் பார்வையில், பெற்றோர் கையெழுத்துக்கு யோசிக்கிறார்கள் என்றால் டாக்டர் முதலில் விளக்க வேண்டியது இந்த ஒரு கணக்கைத்தான். பல இடங்களில் தாளை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை.

அம்மா கையெழுத்துப் போடுகிறாள். நீர் தெளிவாக வருகிறது. வெள்ளை அணுக்கள் 5, புரதம் 68, சர்க்கரை 50. பெரியவர்களின் அட்டவணையை வைத்துப் பார்த்தால் புரதம் அதிகம் என்று அச்சிட்ட தாளில் தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் படித்து வாட்ஸப்பில் அனுப்பிப் பயப்பட வேண்டாம். முதல் மாதத்தில் அணுக்கள் பதினைந்து வரையிலும், புரதம் நூறைத் தொடுவதும் சாதாரணம்தான். இந்தக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் இல்லை.

மார்பு எக்ஸ்ரே எடுக்கவில்லை, இருமலோ மூச்சு வேகமோ இல்லாததால் அது தேவையில்லை. வலிப்போ கொப்புளமோ இருந்திருந்தால் ஹெர்ப்பிஸ் வைரஸுக்கான சோதனையும் மருந்தும் சேர்ந்திருக்கும். இதுவே அக்டோபராக இருந்து, பிரசவ சமயத்தில் அம்மாவுக்கும் காய்ச்சல் இருந்திருந்தால் டெங்கு பார்த்திருப்பார்கள்.

எல்லா மாதிரிகளும் எடுத்த பிறகே முதல் ஊசி. வந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆகியிருக்கிறது. செஃபோடாக்சைம், அமிகாசின் என்று இரண்டு மருந்து. குழந்தை நிலைகுலைந்து வந்திருந்தால் முதுகு நீருக்காகக் காத்திராமல் மருந்தை முதலில் போட்டிருப்பார்கள். ஏன் இரண்டு மருந்து? தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சையில் சேர்ந்த குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2016-இல் வெளியானது. ரத்தத்தில் அதிகம் கிடைத்த கிருமிகள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலி. அவற்றில் பல, வழக்கமான மருந்துகளுக்கு மசியாதவை. மேலை நாடுகளில் பெரிதாகப் பேசப்படும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இங்கே குறைவு. வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், அமெரிக்கப் புத்தகத்தில் உள்ள மருந்தை அப்படியே எழுத இங்கே டாக்டர்கள் தயங்குவது இதனால்தான்.

இரண்டாம் நாள் மாலைக்குள் காய்ச்சல் நின்றுவிடுகிறது. ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. சிறுநீரில் ஈ.கோலி, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கூடவே வந்த பட்டியலில் அந்தக் கிருமி செஃபோடாக்சைமுக்கு அடங்காது, அமிகாசினுக்கு அடங்கும் என்று இருக்கிறது. முதல் மருந்தை நிறுத்திவிட்டு இரண்டாவதை மட்டும் தொடர்கிறார்கள். கடையில் வாங்கிய சொட்டு மருந்தோடு வீட்டில் இருந்திருந்தால் இந்தத் தகவல் கிடைத்திருக்காது.

வயதுக்கு ஏற்ப மாறுவது

மேலே சொன்னதெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் அப்படியே நடக்காது. முதல் மூன்று வாரத்தில் பேச்சுக்கே இடமில்லை. பார்க்க நலமாக இருந்தாலும், சி.ஆர்.பி. சாதாரணமாக இருந்தாலும், மூன்று பரிசோதனையும் செய்து, மருந்து தொடங்கி, உள்ளே வைத்துக்கொள்வார்கள். நான்காம் வாரத்தில், அதாவது 22 முதல் 28 நாள் வரை, ரத்த அளவுகள் பார்த்தபின் முதுகு நீரைத் தீர்மானிக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டி சொல்கிறது. பல இந்திய டாக்டர்கள் 28 நாள் வரை எல்லாருக்கும் எடுத்துவிடுவதையே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், பிரிட்டன் வழிகாட்டியும் ஒரு மாதத்துக்குள் அப்படித்தான். இரண்டாம் மாதத்தில் சிறுநீரும் ரத்த அளவுகளும் நன்றாக இருந்து, பார்க்கவும் நலமாக இருந்தால், முதுகில் ஊசி இல்லாமலே, சில சமயம் அட்மிஷன்கூட இல்லாமல், மறுநாள் கண்டிப்பாக வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கு வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் இன்னும் தளர்வு, ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் விடமாட்டார்கள். சளி பிடித்து ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் உறுதியான குழந்தைக்கும் அதை எடுப்பது உண்டு, வைரஸ் இருப்பதால் சிறுநீர்த் தொற்று இல்லை என்றாகிவிடாது.

குறைமாதக் குழந்தை, சிறப்புப் பிரிவில் இருந்து வந்த குழந்தை ஆகியோருக்கு இந்தத் தளர்வுகள் பொருந்தா.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சல்தான் அதிகம் குழப்பும். பென்டாவேலன்ட் போட்ட அன்று இரவு உடம்பு சுடுவது வழக்கம், அதற்காகத் தடுப்பூசி போட்டவரே எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் அளவை எழுதித் தந்திருப்பார். அதைக் கொடுக்கலாம். பால் நன்றாகக் குடித்து, ஒரு நாளில் அடங்கிவிட்டால் அது ஊசிக் காய்ச்சல். 48 மணி நேரம் தாண்டியும் இருந்தாலோ, அடங்கிவிட்டுத் திரும்ப வந்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ, ஊசியைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி.க்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்குக் காய்ச்சல் வருவது வழக்கம் இல்லை.

எந்த வயதிலும், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் உடனே கிளம்ப வேண்டிய சில நிலைகள் உண்டு. எழுப்பினாலும் பாலுக்கு வாய் திறக்கவில்லை, தொய்ந்து கிடக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறது, மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், மார்பு குழிகிறது, உதடு நீலம், வலிப்பு, உள்ளங்கால் வரை மஞ்சள். உச்சிக்குழி புடைப்பதை எல்லாரும் தேடுவார்கள், ஆனால் அது தாமதமாக வரும் அறிகுறி. இல்லை என்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று ஆகாது.

மயூர் விஹார்க் குழந்தைக்குச் சிறுநீரக ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், வீக்கமோ அடைப்போ இல்லை. மொத்தம் பத்து நாள் ஊசி முடிந்து வீட்டுக்கு வந்தது. டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. அமிகாசின் காதைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் ஒரு மாதம் கழித்துக் கேட்கும் திறன் சோதனை. இனி இந்தக் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் எப்போது வந்தாலும், மூன்று மாதம் தாண்டியிருந்தாலும், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீர்க் கல்ச்சர்.